காது பெரிதாக இருந்தால் ஆப்பிரிக்க யானையா?

"மசினகுடி போய்விட்டு வந்த மாமா, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு யானைப் படம் போட்டார். முதல் படத்தில் யானை நேருக்கு நேர் நிற்கிறது. காது அவ்வளவு பெரிது, கொம்பும் நீளம். இது நம்ம ஊர் யானையே இல்லை, ஆப்பிரிக்க யானை, எங்கிருந்தோ எடுத்துப் போட்டிருக்கிறார் என்கிறான் அத்தை மகன். இரண்டாவது படத்தில் ஒரு பெண் யானையும் குட்டியும். படத்தை மட்டும் வைத்து எந்த யானை, என்ன வயது என்று சொல்ல முடியுமா?"

இரண்டு படத்திலும் இருப்பவை ஆசிய யானைகள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. குட்டிக்கு ஒரு வயது ஆகவில்லை. அதையும் தைரியமாகச் சொல்வேன். கொம்பனுக்கு 25-லிருந்து 40-க்குள், தாய்க்கு 20-லிருந்து 35-க்குள் என்று சொல்லலாம், ஆனால் இந்த இரண்டும் ஊகம்தான். மசினகுடியில் எடுத்ததா என்பதைப் படத்தில் இருக்கும் யானை சொல்லாது. கபினியில் நிற்கும் கொம்பனும் சத்தியமங்கலத்தில் நிற்கும் கொம்பனும் பார்க்க ஒன்றுதான்; தாய்லாந்து யானையை அங்கே வைத்தால்கூடப் பலருக்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே உங்கள் மாமாவை ஆப்பிரிக்கக் குற்றச்சாட்டிலிருந்து மட்டும்தான் என்னால் விடுவிக்க முடியும்.

நான் கால்நடை மருத்துவன் அல்ல. யானைக் கணக்கெடுப்புகளிலும், கொம்பன்களைப் படம் எடுத்து ஒவ்வொன்றையும் அடையாளம் காணும் வேலையிலும் பல வருடம் இருந்தவன். ஒரே யானையின் படத்தை நாற்பது ஐம்பது கோணத்தில் பார்த்துப் பழகியதில் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

முதலில் அந்தக் காது. யானை காதை விரித்துக்கொண்டு நேராக நம்மைப் பார்த்து நின்றால் எந்த யானைக்கும் காது பெரிதாகத்தான் தெரியும். ஓய்வாக நிற்கும்போது கழுத்தோடு ஒட்டிக் கிடந்த காது, அப்போது தலைக்கு இரண்டு பக்கமும் முறம் போல விரிந்து நிற்கிறது. பின்னால் இருக்கும் உடம்பு முழுவதும் மறைந்துவிடுகிறது. ஒப்பிட்டுப் பார்க்க உடம்பு இல்லாததால் படத்தில் முக்கால்வாசி காதாகவே தெரிகிறது. அத்தை மகன் ஏமாந்தது அவன் குற்றம் இல்லை. நன்றாகப் படம் எடுக்கத் தெரிந்தவர்களே இந்த ஒரு கோணத்தில் தடுமாறுவார்கள்.

அதனால் காது எவ்வளவு பெரிது என்று பார்க்காதீர்கள். காதின் மேல் விளிம்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஆப்பிரிக்கப் புல்வெளி யானையின் காது கழுத்துக்கு மேலே ஏறி நிற்கும். பக்கவாட்டில் பார்த்தால் கழுத்தையும் தோளில் ஒரு பகுதியையும் மூடிவிடும். விரித்து நின்றால் மேல் விளிம்பு ஏறக்குறைய உச்சந்தலை மட்டத்துக்கு வரும், கீழ் நுனி தாடைக்கும் கீழே இறங்கும். ஆசிய யானையின் காது கழுத்தின் உயரத்தைத் தாண்டாது. எவ்வளவு விரித்தாலும் அதற்கு மேலே தலை தனியாக எழுந்து நிற்கும். உங்கள் முதல் படத்தில் காதின் மேல் விளிம்பை ஒட்டி ஒரு அளவுகோலைக் கிடையாக வைத்துப் பாருங்கள். அதற்கு மேலே இரண்டு மேடும் நடுவில் ஒரு பள்ளமும் முழுசாக வெளியே நிற்கிறது. ஆப்பிரிக்க யானையில் அந்த இடத்தில் அவ்வளவு தலை மிச்சம் இருக்காது.

காதிலேயே இன்னொரு விஷயம் இருக்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை, ஆனால் எனக்கு இதுதான் அதிகம் கைகொடுத்தது. வளர்ந்த யானையின் காதின் மேல் விளிம்பு மடிந்திருக்கும். ஆசிய யானையில் அந்த மடிப்பு வெளிப்பக்கமாக, அதாவது நம்மை நோக்கி விழும். வாடிய வெற்றிலையின் ஓரம் சுருள்வது போல ஒரு பட்டை முன்னால் சாய்ந்து, அதன் கீழே மெல்லிய நிழல் விழும். ஆப்பிரிக்க யானையில் மேல் விளிம்பு உள்பக்கமாக, கழுத்துப் பக்கம் மடியும். முன்னால் இருந்து பார்த்தால் மடிப்பு தெரியாது, வழவழப்பான ஓரம்தான் தெரியும். உங்கள் படத்தைப் பெரிதாக்கி, யானையின் வலது காதின் மேல் ஓரத்தைப் பாருங்கள். ஒரு விரல் பட்டை போல நிழலோடு முன்பக்கம் மடிந்திருக்கிறது. தலை பாதி மரத்துக்குப் பின்னால் மறைந்த படத்தில்கூட இந்த ஒரு அடையாளம் கிடைத்தால் போதும், நான் முடிவு சொல்லிவிடுவேன். இதே மடிப்பு வயதுக்கும் உதவும், பிறகு வருகிறேன்.

ஆப்பிரிக்க யானையின் காது ஆப்பிரிக்க வரைபடம் போல இருக்கும், நம் யானையின் காது இந்திய வரைபடம் போல இருக்கும் என்று பள்ளியில் சொல்லிக் கொடுப்பார்கள். பிள்ளைகளுக்கு நினைவில் நிற்கும், சரி. ஆனால் படத்தை வைத்து முடிவு செய்ய நான் அதை நம்புவதில்லை. காது சற்றுத் திரும்பினாலே வரைபடம் கலைந்துவிடும். வயதான யானைகளின் காது கீழ் ஓரத்தில் முள்ளிலும் கிளையிலும் கிழிந்து, துண்டு துண்டாகத் தொங்கும். கிழிந்த காதில் கன்னியாகுமரியைத் தேடுவதில் அர்த்தம் இல்லை.

அடுத்து நெற்றி. நம் யானையின் மத்தகம் இரண்டு மேடாக எழுந்து, நடுவில் குழிந்திருக்கும். ஆப்பிரிக்க யானைக்கு ஒரே வளைவாகப் பின்னால் சரிந்து போகும் நெற்றி. நேராக எடுத்த படத்தில் இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. ஆனால் இது மூன்று இடத்தில் ஏமாற்றும். ஒன்று, சரியான பக்கவாட்டுப் படம். அதில் முன்னால் இருக்கும் மேடு பின்னால் இருப்பதை மறைத்துவிடும். ஒரே மேடுதான் தெரியும். அப்போதும் அந்த மேடு உயர்ந்து, நெற்றிக்கு நடுவில் லேசாக உள்வாங்கியிருக்கும், அதைப் பார்க்க வேண்டும். இரண்டு, கீழே நின்று அண்ணாந்து எடுத்த படம். தும்பிக்கையின் அடிப்பகுதியும் புருவ மேடும் முன்னால் வந்து உச்சியை மறைத்துவிடும். கோயில் யானைகளை மக்கள் அப்படித்தான் எடுக்கிறார்கள், நெற்றிப்பட்டம் வேறு கட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். மூன்று, சின்னக் குட்டி. மிகச் சிறிய குட்டிக்கு மத்தகம் அவ்வளவாகப் புடைத்திருக்காது. உங்கள் இரண்டாவது படத்தில் குட்டியின் தலை ஒரே உருண்டையாகத் தெரிகிறதே என்று குழம்ப வேண்டாம். பக்கத்தில் நிற்கும் தாயைப் பார்த்தால் போதும்.

முதுகுக்கோடு இரண்டாவது படத்துக்குத்தான் பயன்படும், ஏனென்றால் அதில்தான் யானை பக்கவாட்டில் நிற்கிறது. ஆசிய யானையின் முதுகு மேல்நோக்கி வளைந்தோ, ஏறக்குறைய சமமாகவோ இருக்கும். ஆப்பிரிக்கப் புல்வெளி யானைக்குத் தோளுக்கும் இடுப்புக்கும் நடுவில் சேணம் வைத்தது போலப் பள்ளம் விழுந்திருக்கும். இயல்பாக நிற்கும்போது ஆசிய யானையின் உடம்பிலேயே உயரமான இடம் தலை உச்சி. ஆப்பிரிக்க யானைக்குத் தோள். உங்கள் படத்தில் தாயின் முதுகு தோளிலிருந்து லேசாக எழுந்து, நடுவில் கிட்டத்தட்டச் சமமாகப் போய், இடுப்புக்குப் பின்னால் வாலை நோக்கிச் சட்டென்று இறங்குகிறது. பெட்டி போல இருக்கிறது என்று நாங்கள் சொல்வோம். நம் காட்டில் வளர்ந்த பெண் யானைகளுக்கு இந்தப் பெட்டி வடிவம் சாதாரணம். ஆணுக்கு முதுகு இன்னும் உருண்டு, பின்னால் சரிவாக இறங்கும்.

ஆனால் முதுகுக்கோட்டை மட்டும் வைத்து யாராவது முடிவு சொன்னால் நம்பாதீர்கள். யானை தலையைத் தூக்கி மரக்கிளையை எட்டினால் தோள் பகுதி சுருங்கி, முதுகில் இல்லாத பள்ளம் இருப்பது போலத் தெரியும். தலையைக் குனிந்து புல் மேய்ந்தால் தலை உச்சி தோளுக்குக் கீழே போய்விடும். அப்போது உயரமான இடம் தலைதான் என்ற கணக்கு செல்லாது. சரிவில் நின்றால் எல்லாமே மாறும். மெலிந்த யானையைப் பார்த்தும் சிலர் குழம்புவார்கள். கோடைக் கடைசியில் முதுகெலும்பு துருத்திக்கொண்டு, அதன் இரண்டு பக்கமும் சதை குழிந்து கிடக்கும். அந்தக் குழி எலும்புக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பக்கவாட்டில் தெரியும் மேல்கோடு அப்போதும் மேல்நோக்கித்தான் வளைந்திருக்கும், இன்னும் கூர்மையாகவே தெரியும். உங்கள் படத்தில் தாய் தலையைப் பாதி இறக்கியிருக்கிறது. அதனால் தலை உயரத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை, முதுகின் வடிவத்தை மட்டும் எடுத்தேன்.

கொம்பு நீளமாக இருப்பதால் ஆப்பிரிக்க யானை என்பது இன்னொரு தவறு. ஆப்பிரிக்காவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வெளியே தெரியும் தந்தம் இருக்கும். ஆசியாவில் ஆணுக்குத்தான், அதிலும் எல்லா ஆணுக்கும் இல்லை, இல்லாததை மக்னா என்கிறோம். நீலகிரிப் பக்கம் ஆண்களில் பெரும்பாலானவை கொம்பன்கள். இலங்கையில் நேர்மாறாக, கொம்பன் அபூர்வம். அங்கே மின்னேரியாவில் கூடும் யானைக் கூட்டத்தின் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு ஆண்கூட இல்லையே என்று கேட்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஆகவே படத்தில் ஒரு கொம்பன் மட்டும் இருந்தால் கொம்பு எதையும் நிரூபிக்காது. வளர்ந்த பெண் யானைக்கு நீளமான தந்தம் இருந்தால் மட்டும் அது ஆப்பிரிக்க யானை என்று தைரியமாகச் சொல்லலாம். அது பெண்தானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

தும்பிக்கை நுனியும் நகமும் கூடுதல் சாட்சிகள். நம் யானைக்குத் தும்பிக்கை நுனியில் விரல் போன்ற ஒரு முனை, ஆப்பிரிக்க யானைக்கு மேலும் கீழுமாக இரண்டு. நம் யானைக்கு முன்காலில் ஐந்து நகம், பின்காலில் பொதுவாக நான்கு. ஆப்பிரிக்கப் புல்வெளி யானைக்கு நான்கும் மூன்றும். சொல்ல நன்றாக இருக்கிறது, ஆனால் காட்டுப் படத்தில் கால் புல்லிலும் சேற்றிலும் புதைந்திருக்கும். நான் நகம் எண்ணி இனம் சொன்ன படம் ஒன்றுகூட நினைவில் இல்லை.

இதுவரை ஆப்பிரிக்க யானை என்று சொன்னதெல்லாம் பெரும்பாலும் புல்வெளி யானையைப் பற்றி. ஆப்பிரிக்காவில் இரண்டு இனம். மத்திய, மேற்கு ஆப்பிரிக்க மழைக்காடுகளில் இருப்பது வேறு: உருவம் சிறியது, காதும் சிறியது, வட்டமானது, கொம்பு மெலிந்து கிட்டத்தட்ட நேராகக் கீழ்நோக்கிப் போகும், முதுகில் அவ்வளவு பள்ளம் இருக்காது. நகம்கூட நம் யானையைப் போல ஐந்தும் நான்கும். 2021-இல்தான் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தன் சிவப்புப் பட்டியலில் இந்த இரண்டையும் தனித்தனி இனமாக வைத்து மதிப்பிட்டது. நம் யானையை ஆப்பிரிக்க யானையிலிருந்து பிரிப்பது போல இந்த இரண்டையும் ஒரு படத்தை வைத்துப் பிரிக்க நான் தயங்குவேன். உகாண்டாவின் கிபாலே போன்ற இடங்களில் இரண்டும் கலந்து குட்டி போட்டிருக்கின்றன. அங்கே கண்ணால் பார்த்துச் சொல்வதில் மதிப்பு இல்லை, மரபணுவைப் பார்க்க வேண்டும்.

ஆசிய யானையும் ஆப்பிரிக்க யானையும் கலந்தால்? பதிவில் இருப்பது ஒரே ஒரு குட்டி. 1978-இல் இங்கிலாந்தின் செஸ்டர் மிருகக்காட்சிச் சாலையில் ஆப்பிரிக்க ஆணுக்கும் ஆசியப் பெண்ணுக்கும் பிறந்தது. இரண்டு வாரம்கூட உயிரோடு இல்லை. காது அப்பனைப் போல, தும்பிக்கை நுனி அம்மாவைப் போல ஒற்றை விரலோடு. நாம் படத்தில் தேடும் அடையாளம் எல்லாம் அந்தக் குட்டியில் கலந்து கிடந்தன. இப்படி இன்னொன்று காட்டில் நடக்க வழியில்லை என்பதால், உங்கள் படத்துக்கு அந்தக் கவலை வேண்டாம்.

இனி வயது. யானையின் வயதை நெருக்கமாகச் சொல்வது பல்தான். வாழ்நாளில் கடைவாய்ப் பல் ஆறு முறை பின்னாலிருந்து முளைத்து முன்னால் நகரும். எத்தனையாவது பல், எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்து வயது சொல்வார்கள். அதற்கு யானை செத்திருக்க வேண்டும், அல்லது பாகன் சொன்னால் வாயைத் திறக்க வேண்டும். படத்தில் அது கிடைக்காது. கணக்கெடுப்பில் நாங்களே வயதை எண்ணாக எழுதுவதில்லை. ஒரு வயதுக்குக் கீழே, ஒன்றிலிருந்து ஐந்து, ஐந்திலிருந்து பதினைந்து, அதற்கு மேலே எல்லாம் வளர்ந்தது என்று நான்கு பெட்டியில் போடுவோம். அந்தப் பெட்டியில் போடுவதற்கே உயரம்தான் ஆதாரம், அதுவும் பக்கத்தில் ஒரு வளர்ந்த பெண் யானை நின்றால்.

உங்கள் குட்டியை அப்படிப் பார்க்கலாம். உயரம் என்றால் உள்ளங்காலிலிருந்து தோள் உச்சி வரை. தலையைச் சேர்க்கக் கூடாது, தலை ஏறும் இறங்கும். படத்தை என் கணினித் திரையில் பெரிதாக்கி ஸ்கேலை வைத்தேன்: தாய் 9.4 சென்டிமீட்டர், குட்டி 4.1. அதாவது தாயின் உயரத்தில் பாதியைவிடக் குறைவு. தென்னிந்தியக் காட்டில் வளர்ந்த பெண் யானை சுமார் 2.3 மீட்டர் உயரம். அந்தக் கணக்கில் குட்டி 1 மீட்டர் வருகிறது. பிறக்கும்போது குட்டி ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் இருக்கும், ஒரு வயதில் 1.2 மீட்டரை ஒட்டி வரும். மனதில் வைத்துக்கொள்ள ஒரு எளிய கணக்கு: ஒரு வயதில் தாயின் உயரத்தில் பாதி, ஐந்து வயதில் முக்கால். உங்கள் குட்டி பாதிக்கும் கீழே இருக்கிறது. தாயின் வயிற்றுக்கு அடியில் முதுகு இடிக்காமல் நிற்கிறதா என்று பார்ப்பதும் இதே கணக்கின் சுருக்கம்தான். ஒரு வயதைத் தாண்டினால் நுழைவது கஷ்டம்.

இதில் எங்கே தவறு வரும் என்றால், குட்டி தாயைவிடக் கேமராவுக்கு அருகில் நின்றால் உயரம் கூடுதலாகத் தெரியும். உங்கள் படத்தில் அப்படித்தான், குட்டி ஓர் அடி முன்னால் நிற்கிறது. ஆகவே உண்மையான உயரம் நான் அளந்ததைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்க முடியும், கூடுதலாக இருக்க முடியாது. பிறந்து சில நாளே ஆனதோ என்றால், அதுவும் இல்லை. தும்பிக்கையில் ஒரு புல்லைச் சுருட்டிப் பிடித்திருக்கிறது. புதுக்குட்டிக்குத் தும்பிக்கை ஒரு கயிறு மாதிரி, தன்பாட்டுக்கு ஆடும், தானே அதை மிதித்துக்கொள்ளும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சில மாதக் குட்டி. ஆறு மாதத்துக்கு உட்பட்டது என்பது என் ஊகம், ஒரு வயதுக்கு உட்பட்டது என்பது உறுதி.

தாயிடம் இந்த அளவுகோல் வேலை செய்யாது. பெண் யானை பதினைந்து வயதை ஒட்டிக் கிட்டத்தட்ட முழு உயரத்துக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு 20 வயதும் 45 வயதும் உயரத்தில் ஒன்றுதான். குட்டி இருக்கிறது என்பதிலிருந்து மிகச் சின்ன வயது இல்லை என்று மட்டும் தெரியும். ஐம்பது வயதில் குட்டி போடும் யானைகளும் உண்டு. அப்போது திரும்பவும் காது மடிப்புக்குத்தான் வர வேண்டும். சின்ன வயதில் காதின் மேல் ஓரம் நேராக நிற்கும். பத்து வயதை ஒட்டி மடியத் தொடங்கும். முப்பதில் ஓர் அங்குலம், அறுபதில் இரண்டு அங்குலம் அல்லது அதற்கு மேல் என்பது பழைய காட்டுக் கணக்கு. படத்தில் அங்குலம் அளக்க முடியாது, அதனால் நான் மடிப்பின் அகலத்தை அதே யானையின் கண்ணோடு ஒப்பிடுவேன். கண்ணைவிடக் குறுகலாக இருந்தால் இளவயது, கண் அளவைத் தாண்டித் தொங்கினால் மூத்தது. இது என் பழக்கம்தான், யாரும் வகுத்த விதி இல்லை. உங்கள் தாய் யானையின் மடிப்பு கண்ணைவிடக் குறுகல். ஆனால் ஒரு காதுதான் தெரிகிறது, அதுவும் பாதி பின்னால் போயிருக்கிறது. காதை ஆட்டும் நொடியில் எடுத்த படத்தில் மடிப்பு விரிந்தும் போகும், சுருண்டும் போகும். அதனால்தான் 20-லிருந்து 35 என்று இவ்வளவு அகலமாகச் சொன்னேன்.

காதிலும் தும்பிக்கையிலும் நெற்றியிலும் நிறம் வெளுத்து இளஞ்சிவப்பாகப் புள்ளி விழுவதை வைத்துப் பலர் வயது சொல்வார்கள். சங்கப் பாட்டில் புகர்முகம் என்று யானையைச் சொல்வது இந்தப் புள்ளி முகத்தைத்தான். வயது ஏற ஏற வெளுப்பு கூடும் என்பது பொதுவாக உண்மை. ஆனால் யானைக்கு யானை இது மிகவும் மாறும், இலங்கை யானைகளுக்கு இயல்பிலேயே அதிகம். இதில் நான் ஒரு முறை நன்றாக அடிபட்டிருக்கிறேன். ஒரு யானை முகாமில், தும்பிக்கை அடி வரை பூப்பூவாக வெளுத்த ஒரு பெண் யானையைப் பார்த்து நாற்பது இருக்கும் என்றேன். அது அந்த முகாமிலேயே பிறந்தது. பிறந்த நாள் பதிவேட்டில் இருந்தது. வயது 27. பக்கத்தில் நின்ற வயதான பாகன் சிரித்தார். "புள்ளியைப் பார்த்து ஏமாந்துட்டீங்க சார். இதோட அம்மாவுக்கும் சின்னதுலயே இப்படித்தான். காதைப் பாருங்க, இன்னும் சரியா மடியவே இல்ல." பார்த்தேன். மடிப்பு ஒரு விரல்கூட இல்லை. அதற்குப் பிறகு வெளுப்பைக் கடைசியில்தான் பார்ப்பேன், அதுவும் மடிப்பு சொன்னதோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்க மட்டும்.

கொம்பனுக்கு வருவோம். ஆண் யானை இருபத்தைந்து, முப்பது வரைகூட உயர்ந்துகொண்டே போகும், அதனால் ஆணுக்கு உயரம் நல்ல சாட்சி. ஆனால் உங்கள் படத்தில் அது தனியாக நிற்கிறது. பக்கத்தில் ஒரு யானையோ வண்டியோ இல்லை. முன்கால் தடத்தின் சுற்றளவைப் போல இரண்டு மடங்கு தோள் உயரம் என்பது களத்தில் நன்றாக வேலை செய்யும் கணக்கு, ஆனால் தடத்தை அளக்க அங்கே நின்றிருக்க வேண்டும். ஆகவே உயரம் போயிற்று. மீதி இருப்பதைப் பாருங்கள். தும்பிக்கை தொடங்கும் இடம் இரண்டு பக்கமும் நன்றாகப் புடைத்து அகன்றிருக்கிறது. இளம் ஆணுக்கு முகம் இன்னும் ஒடுங்கியிருக்கும். கொம்பின் நீளத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, மரத்தில் மோதி ஒடியும், தோண்டித் தோண்டித் தேயும். உதட்டை விட்டு வெளியே வரும் இடத்தில் எவ்வளவு தடிப்பு என்பது மேல். அது தடிப்பாகவே இருக்கிறது. காது மடிப்பு ஏறக்குறைய கண் அகலம். கண்ணுக்கு மேலே இருக்கும் நெற்றிப்பொட்டுப் பள்ளம் ஆழமாக இல்லை. கிழட்டு யானைக்கு அது ஒரு கிண்ணம் போலக் குழிந்துவிடும், ஆனால் நோயில் மெலிந்த இளம் யானைக்கும் குழியும் என்பதால் தனியாக அதை நம்ப முடியாது. எல்லாம் சேர்ந்து இளம் ஆண் இல்லை, கிழமும் இல்லை என்கிறது. முப்பதை ஒட்டி என்று என் மனம் சொல்கிறது, 25-லிருந்து 40 என்றுதான் எழுத முடியும்.

ஒரு விஷயம் கேட்காமலேயே சொல்லிவிடுகிறேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கண்ணுக்கும் காதுக்கும் நடுவில், கன்னத்தில் கருப்பாக ஒரு ஈரக்கோடு இறங்குவது போலத் தெரிகிறது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிட்டதால் அது மதநீரா, சேறு வழிந்த தடமா என்று பிரிக்க முடியவில்லை. மதம்தான் என்றால் வயதுக்கும் ஒரு துணை கிடைக்கும், ஏனென்றால் இருபதுக்குக் கீழே ஒழுங்காக மதம் பிடிப்பது குறைவு. வயது போகட்டும். காதை விரித்து, தலையைத் தூக்கி, நேராகக் கேமராவைப் பார்த்து நிற்கும் யானை போஸ் கொடுக்கவில்லை. மாமா வண்டிக்குள் இருந்துதான் எடுத்தாரா என்று கேளுங்கள்.

அப்படியே அவரிடம் மூலப் படத்தையும் கேட்டு வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொன்னால் சுருங்காமல் வரும். கொம்பன் பக்கவாட்டில் திரும்பிய படம் ஒன்று இருந்தால் நல்லது. தாய் யானை காதை அசைக்காமல் நிற்கும் படம், மற்ற காது தெரியும்படி கிடைத்தால், அதன் வயதில் நான் சொன்ன பதினைந்து வருட இடைவெளியை ஓரளவு குறைக்க முடியும். மசினகுடியா என்ற கேள்விக்கு அந்தப் படத்தின் பின்னணியில் சாலைப் பலகை ஏதாவது விழுந்திருந்தால்தான் உண்டு.